‘வகுபண்பு’ சரிவருமா? விலங்கு அட்டவணைக்கு ஒரு சொல் வேண்டும்

குடியாத்தம், ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். கணினி எப்படி வகைபிரிக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, முதுகெலும்புள்ள விலங்குகளை மட்டும் எடுத்து ஓர் அட்டவணை போட்டேன். உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0.

```
            பறக்கும் நீர் துடுப்பு கால் முட்டை பால்
பசு            0     0    0     1    0    1
காகம்          1     0    0     1    1    0
விரால்          0     1    1     0    1    0
வௌவால்        1     0    0     1    0    1
திமிங்கலம்      0     1    1     0    0    1
```

மேலே உள்ள மூன்றுக்கும் இனம் தெரியும். மற்ற இரண்டும் எதோடு அதிக இடங்களில் ஒத்துப்போகிறதோ அதன் இனம். வௌவால்தான் ஏமாற்றும் என்று நினைத்திருந்தேன். அது பசுவோடு 5 இடத்திலும் காகத்தோடு 4 இடத்திலும் ஒத்துப்போய்த் தப்பித்துவிட்டது. திமிங்கலம் விராலோடு 4, பசுவோடு 3, அதனால் மீனாகிவிட்டது! இனத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டுகிற ஃபீச்சருக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். ‘அம்சம்’ செல்போன் விளம்பரம் மாதிரி இருக்கிறது. ‘பகுபண்பு’ என்று வைக்கலாமா?

ஆம்பூர்:
டீச்சர், இதற்கு ஒரே தலைப்பு போதும். முட்டையிட்டால் பாலூட்டி இல்லை, குட்டி போட்டால் பாலூட்டி. மற்ற ஐந்தையும் எடுத்துவிடுங்கள். சொல் என்று கேட்டால் ‘முதற்பண்பு’ என்பேன்.

வாணியம்பாடி:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். குட்டி தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு கூடவே பறந்து போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தாத்தா அதைப் பறவை என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பறப்பதைப் பறவை என்று சொன்னால் என்ன தப்பு?

வேலூர், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:
வாணியம்பாடி தம்பி, பேச்சில் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்த அந்தக் குட்டியே போதுமே, பால் குடிக்கத்தான் மார்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இறக்கையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். காகத்துக்கு இறகு, வௌவாலுக்கு நீண்ட விரல் எலும்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல். பறக்கும் வேலை ஒன்று, செய்த விதம் வேறு.

ஆம்பூர் சார் சொல்வது இந்த ஐந்து வரிக்குள் சரியாக வருகிறது, அட்டவணை சின்னது என்பதால். ஆறாவது வரியாகக் கண்ணாடி விரியனைச் சேருங்கள். அது குட்டி போடும், ‘முட்டை’யில் 0 விழும், உடனே பசுவோடு போய் நிற்கும். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிட்டுக் குஞ்சுக்குப் பாலும் தரும், அது அந்தப் பக்கம் போய்விடும். ‘பால்’ இரண்டையும் சரியான இடத்தில் வைக்கிறது.

டீச்சர், திமிங்கலம் ஏன் விழுந்தது தெரியுமா? நீர், துடுப்பு, கால் இல்லை, இந்த மூன்றும் ஒரே சேதிதான். நீந்தி வாழ்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். ஒரே சேதிக்கு மூன்று ஓட்டுப் போட்டுவிட்டீர்கள். வேண்டுமானால் ‘இறக்கை’ என்று ஏழாவது தலைப்பு சேர்த்துப் பாருங்கள், வௌவாலும் ஆட்டம் காணும்.

சொல்லுக்கு வருகிறேன். பகுபதம் என்றால் பிரிக்கக்கூடிய பதம். அந்தப் பழக்கத்தில் ‘பகுபண்பு’ என்றால் பண்பையே பிரிக்கலாம் என்று படும். நமக்கு வேண்டியது பிரிக்கிற பண்பு. கணக்கில் வகுக்கிற எண்ணை வகுத்தி என்கிறோமே, அந்த வழியில் ‘வகுபண்பு’ என்று வைத்தால் என்ன?

குடியாத்தம், ஆசிரியை:
‘இறக்கை’யைச் சேர்த்தேன் ஐயா. காகத்தோடு 5, பசுவோடும் 5. வௌவால் நடுவில் நிற்கிறது! பிள்ளைகளிடம் இதையே முதலில் காட்டப் போகிறேன். ‘வகுபண்பு’ பிடித்திருக்கிறது, ஆனால் வகு என்றதும் பிள்ளைகள் மீதி எவ்வளவு என்று கேட்பார்கள்.

காட்பாடி, மென்பொருள் வேலை:
எனக்கு வேறு ஒரு சந்தேகம். ‘பால்’ என்று தலைப்பு வைத்துவிட்டுப் ‘பாலூட்டி’யைக் கண்டுபிடிக்கச் சொன்னால், விடையைக் கேள்வியிலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? நாங்கள் இப்படி ஒரு பத்தி டேட்டாவில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுத்தான் சோதிப்போம். பாலை நீக்கினால் திமிங்கலத்துக்கு எது மிஞ்சும்?

வேலூர்:
நியாயமான கேள்வி தம்பி. கடற்கரையில் ஒதுங்கிய உடலில் பால் சுரப்பதையா பார்க்க முடியும்? மூச்சு விடும் துளை தலையின் மேலே இருக்கும், செவுள் இருக்காது. வால் கிடைமட்டமாக இருக்கும், உயிரோடு இருந்தபோது மேலும் கீழும் அசைந்தது. மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அசையும். ஆனால் ‘காற்றைச் சுவாசிக்குமா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், நம் ஏரி விராலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும், விடாமல் தடுத்தால் செத்துப்போகும். ‘செவுள் உண்டா’ என்று கேட்டால் விரால் 1, திமிங்கலம் 0.

ஆம்பூர்:
விரியன் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா, நன்றி. ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு ‘முதற்பண்பு’தான் பொருத்தம். வகுபண்புகள் பல இருக்கலாம், அதில் எதை முதலில் கேட்பது என்பது வேறு விஷயம் இல்லையா?

குடியாத்தம், ஆசிரியை:
அப்படியானால் இரண்டு சொல்லும் தேவைப்படும் போலிருக்கிறது. திங்கள்கிழமைத் தாளில் ‘வகுபண்பு’ என்று போடுகிறேன். ஒரே சேதியைத் திருப்பிச் சொல்கிற அந்த மூன்று தலைப்புகளை என்னவென்று சொல்வது, அதற்கும் யாராவது ஒரு சொல் தாருங்கள்.