பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்த பழைய பிக்கப்

ஊர்க்கடை:
கடைக்குச் சரக்கு எடுத்துவர ஒரு பழைய டீசல் பிக்கப் பேசி வைத்திருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பெயின்ட் பளபளப்பு, டயரும் பரவாயில்லை. ஓட்டிப் பார்க்கப் போகும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரியின் தம்பி, எதைக் காட்டினாலும் "இதில் ஏதோ இருக்கு மாமா" என்று ஆரம்பிக்கிற ஆள்.

போனதும் யாரிடமும் பேசாமல் நேரே போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. "இப்பதான் ஒரு வேலையா வெளியே போயிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். மச்சான் என் பக்கம் திரும்பி, "சூடான இன்ஜினை எவன் வேணாலும் ஒரே தட்டுல எடுப்பான் மாமா, காலையில வருவோம். நாம வர்றவரைக்கும் சாவியில கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிடு" என்றான். எனக்குச் சங்கடம், ஆனாலும் சொல்லிவிட்டேன். வந்ததற்கு வெறும் வண்டியில் ஒரு சுற்று ஓட்டினேன். கியர் சுலபமாக விழுந்தது, இழுவையும் நன்றாக இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் கதையே வேறு. ஸ்டார்ட்டர் இழு இழு என்று இழுத்த பிறகுதான் இன்ஜின் பிடித்தது, பின்னால் கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை. கொஞ்ச நேரம் தடதடவென்று ஆடிவிட்டு அப்புறம் சீரானது, புகையும் நின்றது. "இன்ஜின் போச்சு, வா போகலாம்" என்று மச்சான் கிளம்பிவிட்டான். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

அடுத்து அவன் கேட்டதற்குத்தான் விற்பவர் முகம் மாறியது: "பாரம் ஏற்றி ஓட்டணும்." ஆர்.சி.யில் போட்டிருக்கும் சுமையில் பாதி அளவுக்குக் கடையிலிருந்து மூட்டைகளை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினோம். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விற்பவரையும் உட்கார வைத்துக்கொண்டு மேட்டுக்கு விட்டோம். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, முள் அதே இடத்தில் நிற்கிறது. கூடவே கருகின வாடை. முந்தின நாள் காலி வண்டியில் இதில் எதுவுமே தெரியவில்லை. கிளட்ச் மாற்றினால் போதுமா, இல்லை வண்டியையே விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டீசல்வாசம்:
இதுக்குப் போய் கிளட்ச் மாத்துவாங்களா! பெடல்ல ஃப்ரீ பிளே இல்லாட்டி இப்படித்தான் வழுக்கும். கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க, சரியாகிடும். என் வண்டியில அப்படித்தான் சரியாச்சு, இன்னும் ஓடுது.

தோப்புக்காரர்:
கிளட்ச் எல்லாம் சின்ன விஷயங்க, சேஸிஸைப் பார்த்தீங்களா? நான் எடுத்ததில் கேபினுக்குப் பின்னால், பாடி தொடங்குகிற இடத்தில் விரிசல். அதை வெல்டு வைத்து மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் மண்ணும் துருவுமாக இருக்க அந்த ஒரு முழம் மட்டும் புதுசாக மின்னியது. கீழே படுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், வேட்டி அழுக்காகிவிடும் என்று படுக்கவில்லை. அப்புறம் டீசலுக்குப் பதில் பெட்ரோல் வண்டி பாருங்கள், சத்தம் குறைவு.

பட்டறை:
ஃப்ரீ பிளே விஷயம் கேபிள் கிளட்சுக்குப் பொருந்தும், அதிலும் பிளேட் நன்றாக இருந்தால்தான். ஆயிலில் வேலை செய்யும் கிளட்சில் பெரும்பாலும் அது தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும், நாம் திருகுவதற்கு ஒன்றும் இருக்காது. ஊர்க்கடை சொல்வது பாரத்தில், மேட்டில், பெரிய கியரில் மட்டும் தெரிகிற வழுக்கல். பிளேட் தேய ஆரம்பித்தால் முதலில் இங்கேதான் காட்டும். முதல் கியரில் சக்கரத்துக்கு விசை அதிகம், அதனால் இன்ஜின் திணறாமல் தள்ளிவிடும், கிளட்சுக்கும் சுமை தெரியாது. காலி வண்டியில் எந்தக் கியரிலும் அதுக்கு வேலையே இல்லை. அதனால்தான் முதல் நாள் ஏமாந்தது போல ஆனது.

ஆனால் பிளேட் மாற்றச் சம்மதிக்கும் முன் ஒன்று பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் ஆயில் ஈரம் இருக்கிறதா? அங்கே சொட்டினால் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கலாம். அந்த ஆயில் பிளேட்டில் பட்டாலும் இதே மாதிரி வழுக்கும். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் புது பிளேட்டும் நனைந்துவிடும், மறுபடி கியர்பாக்ஸை இறக்கணும்.

புகை விஷயத்தில் உங்கள் மச்சான் அவசரப்படுகிறார். கண் எரிகிற வெள்ளைப் புகை எரியாத டீசல். குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து சூடானதும் நிற்கிறதென்றால் முதலில் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுங்கள். பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸில் ஒரு முனையை மாட்டின டெஸ்ட் லேம்பின் மறுமுனையைப் பிளக் தலையில் வைத்துப் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் பிளக் செத்துவிட்டது. புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்து, ரேடியேட்டர் தண்ணியும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கட் பயம்.

சுமையோட்டி:
பட்டறை சொன்னது சரி, ஆனால் பிளக்கை மாற்றியும் புகை வந்தால்? கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினும் காலையில் இப்படித்தான் கிளம்பும், சூடானதும் நல்ல பிள்ளையாகிவிடும். எதற்கும் இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அப்படியே மேலே வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் தவறில்லை, தூக்கி எறிகிற மாதிரி துள்ளி உள்ளேயிருந்து புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம். நிறைய பேர் இதைத் தீர்ப்பு மாதிரி சொல்வார்கள், நான் அந்த அளவுக்கு நம்பமாட்டேன், வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது.

இன்னொன்று. பாரம் ஏற்றி நிறுத்தியபோது வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததா?

ஊர்க்கடை:
சாய்ந்தது. மூட்டையைச் சமமாகத்தான் அடுக்கினோம், ஆனாலும் இடப்பக்கம் தாழ்ந்து நின்றது. குனிந்து பார்த்ததில் அந்தப் பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு முறிந்திருக்கிறது, முறிந்த இடத்தில் துரு, பழைய முறிவுதான். வலப்பக்கம் ஒரு தகடு மட்டும் புதுசு.

நீங்கள் சொன்னதற்குப் பிறகு ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சேருகிற இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறது. டெஸ்ட் லேம்பில் பாதி பிளக்குக்கு உயிர் இல்லை. ஆயில் மூடி லேசாகத்தான் ஆடியது. பிளக்கை மாற்றிவிட்டு மறுநாள் காலையில் எடுத்தபோது சட்டென்று பிடித்துக்கொண்டது, புகை கொஞ்சமாக வந்து நின்றுவிட்டது.

சுமையோட்டி:
ஒரு பக்கம் பட்டை முறிகிற அளவுக்கு ஏற்றி ஓட்டிய வண்டி. அந்தப் பாரமெல்லாம் கிளட்சுக்கும் பின் அச்சுக் கிரவுனுக்கும்தானே போயிருக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

பட்டறை:
கேஜ் வைக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், இரண்டு பக்கமும் ஒரே செட்டாக இருக்கட்டும்.

ஊர்க்கடை:
கேஜுக்கு விற்பவர் இன்னும் சரி சொல்லவில்லை. பிளேட்டை அவர் மாற்றித் தருகிறாராம், சீல் செலவு என்னுடையது என்கிறார். கியர்பாக்ஸை இறக்கத்தானே போகிறார்கள், சீலையும் அப்போதே போட்டால் கூடுதல் கூலி என்ன வந்துவிடப் போகிறது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மச்சான் மட்டும் இன்னும் அந்த வெள்ளைப் புகையை விடவில்லை, "இதே கேள்வியை இன்னொரு மழைக்காலக் காலையில கேட்கிறேன் மாமா" என்கிறான்.