ஆசிரியருக்குப் பழைய ஃபைல் போயிடுச்சு, மன்னிப்பு எப்படி எழுதுறது?

தேன்மொழி: ப்ராஜெக்ட் அறிக்கையைப் பேராசிரியைக்கு ஜிமெயில்ல அனுப்பினேன். report.pdf, report(1).pdf ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு. அவசரத்துல பழைய வரைவு போயிடுச்சு. அனுப்பி அரை மணி நேரம் ஆச்சு. திரும்ப எடுக்க வழி இருக்கா? மன்னிப்பு எழுத உக்காந்தா ஒரு பக்கத்துக்கு நீளுது.

கதிர்: Undo Send அழுத்துங்க, போன மெயில் திரும்பி வந்துடும். மன்னிப்பே தேவையில்ல.

மாறன்: கதிர் சொல்ற வசதி ஜிமெயில்ல அதிகபட்சம் 30 விநாடிதான். செட்டிங்ஸ்ல மாத்தலைன்னா வெறும் 5 விநாடி. இப்போ அந்த வழி இல்ல.

அதே மெயிலுக்கே Reply போடுங்க. Forward வேண்டாம், அதுல பழைய ஃபைலும் சேர்ந்தே போகும். சப்ஜெக்ட்டை மாத்தாதீங்க, மாத்தினா தனி மெயிலாப் பிரிஞ்சுடும், அவங்க பழசை மட்டும் திறந்து திருத்த ஆரம்பிச்சுடலாம். சரியான ஃபைலுக்கு முதல்ல பேர் மாத்துங்க. இணைச்ச பிறகு, அனுப்புறதுக்கு முன்னாடி, இணைப்பையே கிளிக் பண்ணித் திறந்து பாருங்க. கடிதம் இவ்வளவு போதும்:

> மதிப்பிற்குரிய அம்மா,
> வணக்கம். இன்று காலை 10.15-க்கு அனுப்பிய மின்னஞ்சலில் அறிக்கையின் பழைய வரைவைத் தவறுதலாக இணைத்துவிட்டேன். மன்னிக்கவும். சரியான அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன்: Arikkai_Final.pdf, 12 பக்கங்கள். முன்பு அனுப்பியதை விடுத்து இதையே பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
> தங்கள் மாணவி,
> தேன்மொழி

பக்க எண்ணிக்கை எழுதினா, திறந்ததும் சரியான ஃபைல்தான்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும். நெட் ஸ்லோ, தூக்கக் கலக்கம்னு காரணம் அடுக்காதீங்க. காரணம் கூடக் கூட மன்னிப்பு சாக்கு மாதிரி ஆயிடும். ஒரு தடவை மன்னிக்கவும்னு சொன்னாப் போதும்.

சாந்தி: நான் வாட்ஸ்அப்ல பையனோட டீச்சருக்கு விடுப்புக் கடிதத்துக்குப் பதிலா வேற ஒருத்தங்க அடையாள அட்டையை அனுப்பிட்டேன். இதே கடிதம் போதுமா?

மாறன்: இது வேற விஷயம்ங்க. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அழிக்க சுமார் ரெண்டு நாள் அவகாசம் இருக்கு, உடனே அழிச்சுடுங்க. ஆனா அவங்க போன்ல ஏற்கெனவே சேமிப்பாகியிருக்கலாம். அதனால "தவறுதலாக வந்த அட்டைப் படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், மன்னிக்கவும்"னு எழுதி, கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்க. அட்டைக்குரியவங்களுக்கும் சொல்லிடணும்.

தேன்மொழி: நன்றிங்க. கடைசி நேரம் 10.30, இப்போ 10.50. முதல் மெயில் நேரத்தோடதான் போச்சுன்னு எழுதலாமா?

மாறன்: வேண்டாம். 10.15-னு கடிதத்துலயே இருக்கு. மன்னிப்பும் சலுகையும் ஒரே மெயில்ல கேட்டா மன்னிப்பு எடுபடாது.

கதிர்: நேரம் தாண்டினதை எழுதாம விட்டா மறைச்ச மாதிரி ஆகாதா? "நேரம் கடந்ததை அறிவேன்"னு ஒரு வரியாவது போடணும்.

மாறன்: சலுகை கேக்காம அந்த வரியோட நின்னா சரிதான். ஏத்துக்கிறதா இல்லையாங்கிறது அவங்க முடிவு.