கொடி ஒன்று சொல்கிறது, கானல் வேறு சொல்கிறது: எதை நம்புவது?

குன்னூர் பக்கம் ஒரு ரேஞ்சில் 300 கெஜத்தில் .308 சுடுகிறேன். இலக்கு எதிர்மேட்டில், நடுவில் பள்ளம். கொடி இலக்கருகே மட்டும்தான்.

இன்று கொடி கம்பத்திலிருந்து சுமார் 40 டிகிரி விலகி இடமிருந்து வலமாகப் பறந்தது. நாலால் வகுத்தால் மணிக்கு 10 மைல் காற்று. தூரத்தின் நூறுகளைக் காற்றால் பெருக்கி 15-ஆல் வகுக்கும் கணக்கில், 3 × 10 ÷ 15 = 2 எம்.ஓ.ஏ., அதாவது ஏறக்குறைய 6 அங்குலம். டரெட்டைத் தொடாமல் அவ்வளவு இடப்பக்கம் தள்ளிப் பிடித்துச் சுட்டேன். குண்டு மையத்துக்கு 4 அங்குலம் இடப்பக்கம் விழுந்தது. காற்று தள்ளியது 2 அங்குலம்தான் போல. மலையில் காற்றின் அடர்த்தி குறைவு, விலகலும் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் மூன்றில் ஒரு பங்காகவா குறையும்?

அப்புறம் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இலக்கிலிருந்து பின்னுக்கு இழுத்துப் பள்ளத்தின் மேல் ஃபோகஸ் செய்தேன். அங்கே கானல் பக்கவாட்டில் ஓடவேயில்லை, நேராக மேலே கொதித்தது. குறுக்குக் காற்று இல்லை, அல்லது சுடும் கோட்டோடு வீசுகிறது என்றுதான் அர்த்தம்.

மலை ரேஞ்சில் சுடுபவர்கள் சொல்லுங்கள்: இப்படி இருந்தால் கொடியின் கணக்கில் எவ்வளவு குறைப்பீர்கள்? கானல் ஒரு பக்கம் சாயும்வரை காத்திருந்து சுடுவது நல்லதா? மூடுபனி வந்தால் கானலே தெரியாது, கொடியும் நனைந்து தொங்கிவிடும். அப்போது எதைப் பார்க்கிறீர்கள், புல்லையா?