கூட்டங்களுக்குப் போகாமல் தொழில் தொடர்புகளை வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பைத்தான் டெவலப்பராக இருக்கிறேன். மீட்டப்பில் கையில் டீயோடு ஓரமாக நிற்கிற ரகம். பேச்சு வராது, எழுத்து ஓரளவு வரும்.

அதனால் நாங்கள் பயன்படுத்தும் ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியின் கிட்ஹப் பக்கத்தில், மற்றவர்கள் சொல்லும் பிழைகளை என் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் வரவில்லை என்று எழுதி, பிழையைக் காட்டும் மிகச் சிறிய கோட் துண்டையும் இணைப்பேன். பராமரிப்பவர்களுக்கு நேரம் மிச்சம். இப்போது இருவர் என்னைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள்தான். அந்த அளவு அறிமுகம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பிழையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சும்மா நலம் விசாரித்தால் பதில் வராது என்று நினைக்கிறேன். "உங்கள் குழுவில் புதிய பதிப்புக்கு மாறும்போது எதை முதலில் சோதிப்பீர்கள்?" என்று தனி மடலில் கேட்கலாமா? இப்படித் தொடங்கியவர்கள் முதல் மடலில் என்ன எழுதினீர்கள்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்தீர்கள்? லைப்ரரி பராமரிப்பவர்கள் இங்கே இருந்தால், இத்தகைய மடல் உங்களுக்குத் தொல்லையா என்றும் சொல்லுங்கள்.