ஜிஃப்பாகச் சேமித்தால் லோகோவின் ஓரம் பல் பல்லாக வருகிறது, பி.என்.ஜி-யில் வரவில்லை. ஏன்?

செக்கெண்ணெய்:
மாமாவின் எண்ணெய்க் கடைக்கு வட்டமான மெரூன் நிற லோகோ. கிம்ப்பில் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்துக்கு 2 பிக்சல் ஃபெதர் கொடுத்தேன். எடிட்டரில் வழுவழுவென்று இருக்கிறது. `.gif` ஆக எக்ஸ்போர்ட் செய்து கடையின் தளத்தில், கரும்பச்சைப் பட்டை மேல் போட்டால் வட்டம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடுகிறது. தளத்தின் பழைய பேனல் `.jpg`, `.gif` இரண்டைத்தான் ஏற்கிறது, அதனால்தான் ஜிஃப். எதை மாற்ற வேண்டும்?

நாலாவது_மாடி:
ஜிஃப்பில் 256 நிறம்தான் கிடைக்கும் பாஸ், அதுதான் பிரச்சினை. டிதர் போட்டுப் பாருங்க. இல்லாவிட்டால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்து ஏற்றுங்கள்.

ஓரப்பிக்சல்:
256 நிறம் காரணமில்லை. மூன்றே நிறம் உள்ள லோகோவுக்கும் இதே பல் வரும். ஜிஃப்பில் உள்ள நிறப் பட்டியலில் ஒரே ஒரு இடத்தை 'இது தெரியாத நிறம்' என்று குறித்து வைப்பார்கள், 1989-இல் வந்த 89a வடிவத்திலிருந்தே அப்படித்தான். ஒரு பிக்சல் அந்த இடத்தைக் காட்டினால் தெரியாது, வேறு எதைக் காட்டினாலும் முழுசாகத் தெரியும், பாதி தெரிவது என்று ஒன்றே கிடையாது. ஆனால் நீங்கள் ஃபெதர் கொடுத்து உண்டாக்கியதெல்லாம் பாதி தெரியும் பிக்சல்கள்தான். கிம்ப் எக்ஸ்போர்ட் செய்யும்போது 50 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைத் தூக்கிவிடும், மேலே உள்ளதை முழு மெரூனாக்கிவிடும், 70 சதவீதப் பிக்சல் கெட்டியாகி, பக்கத்தில் இருந்த 30 சதவீதப் பிக்சல் காணாமல் போகும், மிச்சம் படிக்கட்டுதான்.

பட்டையின் நிறம் என்ன என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அப்போ வழி இருக்கிறது. ஓரப் பிக்சலில் அந்தப் பச்சையை முன்கூட்டியே கலந்துவிடுங்கள். மெரூன் (160, 20, 40), பச்சை (20, 80, 60) என்று வைத்துக்கொண்டால், 40 சதவீதம் தெரியும் பிக்சலுக்கு 0.4 பங்கு மெரூன், 0.6 பங்கு பச்சை, கணக்கு (76, 56, 52) என்று வரும். அந்த நிறத்தை முழுசாகத் தெரியும் பிக்சலாக வைத்தால் கண்ணுக்கு வழுவழுப்பாகவே தோன்றும். கிம்ப்பில் பின்னணி நிறத்தில் அந்தப் பச்சையை வைத்துவிட்டு `Layer > Transparency > Semi-Flatten` கொடுங்கள், கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். முழுக்கத் தெரியாத பகுதி அப்படியே இருக்கும். அப்புறம் எக்ஸ்போர்ட்.

இதை ஏற்கெனவே ஜிஃப் ஆன கோப்பில் செய்யாதீர்கள், அதில் கலக்க பாதிப் பிக்சலே மிச்சமில்லை. ஜிஃப்பை `.png` ஆக மாற்றினாலும் பல் அப்படியே இருக்கும்.

ஸ்டிக்கர்_பொண்ணு:
எனக்கும் இதே! என் வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் நாய்க்குட்டியைச் சுற்றி வெள்ளைக் கோடு வருது அண்ணா, அதுக்கும் செமி-ஃபிளாட்டனா?

ஓரப்பிக்சல்:
இல்லைம்மா, ஸ்டிக்கர் வெப்பி வடிவம், அதில் பாதி தெரிவது எல்லாம் உண்டு. உன் நாய்க்குட்டியின் ஓரத்தில் பழைய வெள்ளைப் பின்னணி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், வெட்டும்போது ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டிப் பார். அது வேறு நோய்.

நாலாவது_மாடி:
சரி, நிறத்தை விடுங்க. இரண்டு மடங்கு படம் நிஜமாகவே வேலை செய்யும், நான் செய்திருக்கிறேன்.

```
<img src="logo.gif" width="150">
```

லோகோ 300 பிக்சல், காட்டுவது 150.

ஓரப்பிக்சல்:
அது சரிதான், மறுக்கவில்லை. பிரவுசர் சுருக்கும்போது ஓரத்தை மறுபடி கலக்கிறது, அதனால் பல் மழுங்கும், பின்னணி எந்த நிறமானாலும் சரி. ஆனால் சில போன்களில் திரையே இரண்டு மடங்கு அடர்த்தி, அங்கே சுருக்கமே நடக்காது, பல் இருக்கும், அளவு பொடியாவதால் கண்ணில் அவ்வளவாகப் படாது.

செக்கெண்ணெய்:
செமி-ஃபிளாட்டன் செய்தேன், பட்டையில் அருமை, பல்லே இல்லை. ஆனால் அதே கோப்பைப் பக்கத்தின் அடியில் இளமஞ்சளில் போட்டால் லோகோவைச் சுற்றிப் பச்சை அழுக்கு மாதிரி ஒரு வளையம்.

ஓரப்பிக்சல்:
வரத்தான் செய்யும். பச்சைக்காகக் கலந்தது மஞ்சளில் அப்படித்தான் தெரியும். இளமஞ்சளுக்கு இன்னொரு கோப்பு செய்யுங்கள், ஃபெதரையும் 1 பிக்சலாகக் குறைத்தால் வளையம் மெலியும். கோலம், துணி மாதிரி பின்னணியில் போடுவதானால் இந்த வழியில் முழுத் தீர்வு கிடையாது. லோகோவுக்கு நிழல் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஜிஃப்பில் அது கெட்டித் திட்டாகத்தான் நிற்கும்.

செக்கெண்ணெய்:
நிழல் மாமாவுக்குப் பிடிக்கும் சார். பேனலில் `.png` திறந்துவிட முடியுமா என்று தளம் செய்தவரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.