முகவாதத்தில் மூடாத கண்: உங்கள் அனுபவம்?

கோத்தகிரி மகள்:
அம்மாவுக்கு வலப்பக்கம் வாய் கோணி, அந்தக் கண்ணும் மூடாமல் போனது. மாத்திரை அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். உறைபனி நேரம், ஹீட்டர் போட்ட அறை. ராத்திரி உறுத்துகிறது என்று அழுதார், கட்டைப் பிரித்தால் பஞ்சுக்கு அடியில் கண் திறந்தே இருக்கிறது, கருவிழி மேலேயே பஞ்சு நூல். மறுநாள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பகுதியில் பச்சையாக ஒரு கீறல். அந்தப் பச்சை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கொடை டிரைவர்:
எனக்கும் வந்தது, பகலில் சொட்டு மருந்து மட்டும்தான், ராத்திரி இமையை மூடி டேப் எல்லாம் ஒட்டவில்லை. தூங்கும்போது கருவிழி தானாக மேலே போய்விடும், பயப்படாதீர்கள்.

குன்னூர் நர்ஸ்:
டிரைவர் தம்பி, மேலே போவது பலருக்கு உண்மைதான், எல்லோருக்கும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள், இடுக்கில் வெள்ளை மட்டும் தெரிந்தால் ஓரளவு பாதுகாப்பு, கருப்பு தெரிந்தால் ராத்திரி முழுக்க அது காயும். சொட்டு மருந்து சீக்கிரம் வடிந்துவிடும், அதனால்தான் ராத்திரிக்குக் கண் களிம்பு. கீழ் இமையை இழுத்து உள்ளே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்கினால் போதும். அப்புறம் இமைத்தோலிலும் கன்னத்திலும் வழிந்ததை நன்றாகத் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் நடுராத்திரியில் விட்டுவிடும். மேல் இமையை விரலால் கீழே இறக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, காகித டேப்பை இமைமுடிக்குச் சற்று மேலே ஒட்டி, சாய்வாகக் கன்ன எலும்பு வரை கொண்டு வாருங்கள். இமைமுடி உள்பக்கம் மடங்கக் கூடாது. ஒட்டியபின் திறக்கச் சொல்லுங்கள், கொஞ்சமாவது திறந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். டேப்புக்கு அடியில் கண் திறந்தால் பஞ்சு செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

ஊட்டி அம்மா:
என் பேரனும் கண்ணை லேசாகத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான், அவனுக்கும் ஒட்டலாமா?

குன்னூர் நர்ஸ்:
முகம் கோணாமல் சும்மா திறந்திருக்கிறதா அம்மா? அப்படியென்றால் ஒட்டாதீங்க, காலையில் கண் சிவந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

மஞ்சூர்க்காரர்:
என் அண்ணனுக்குக் காது நரம்புக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஆனது. கண் சிவந்திருக்கிறது, வலியே இல்லை என்கிறார். வலி இல்லையென்றால் பரவாயில்லைதானே?

குன்னூர் நர்ஸ்:
இல்லை சார், இதுதான் பயப்பட வேண்டிய நிலை. அந்த ஆபரேஷனில் கண்ணின் உணர்ச்சி நரம்பும் பாதிக்கலாம், அப்போது புண் வந்தாலும் வலிக்காது. இன்றே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்க. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, களிம்பு கரைந்த பிறகும் பார்வை மங்கலாகவே இருக்கிறதா?

மஞ்சூர்க்காரர்:
மங்கல்தான். கிளம்புகிறோம்.

கோத்தகிரி மகள்:
அம்மாவுக்குக் கீறல் ஆறிவிட்டது, ஆனால் தினமும் டேப் எடுத்து எடுத்து இமைத்தோல் சிவந்து உரிகிறது. ஈரப்படுத்தித்தான் எடுக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒட்டலாமா, யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?