தாமதமாகத் திரும்பி வந்த வரிப்பணத்துக்கு ஈட்டுத்தொகை: எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆலையில் வேலை செய்யும் ஒரு அண்ணனின் கணக்கு இது, 2022 மதிப்பீட்டு ஆண்டுக்கு. சம்பளத்தில் மாதாமாதம் பிசிபி வரியாகப் பிடித்தது 5,200 ரிங்கிட், உண்மையான வரி 1,550. மிச்சம் 3,650 ரிங்கிட் 2023 செப்டம்பர் 7-இல் வங்கியில் சேர்ந்தது.

வருமான வரிச் சட்டம் 111D பிரிவின்படி, மின்வழி தாக்கல் செய்தவருக்குக் கடைசித் தேதியிலிருந்து 90 நாள் கழிந்தபின் ஆண்டுக்கு 2% ஈட்டுத்தொகை நாள்கணக்கில் உண்டு. (கையால் கொடுத்தால் 120 நாள்.) தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒரு சென்கூட இல்லை. பலர் தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணுவார்கள், அது தப்பு.

கடைசித் தேதியான ஏப்ரல் 30-இலிருந்து எண்ணினால் 90-ஆம் நாள் ஜூலை 29. ஜூலை 30 முதல் செப்டம்பர் 7 வரை 40 நாள்:

```
3650 × 2% × 40 ÷ 365 = 8.00
```

சிக்கல் என்னவென்றால், அவர் தாக்கல் செய்தது மே 9, அதாவது மின்வழிக்குத் தரும் 15 நாள் சலுகைக்குள். மே 15-ஐ எடுத்தால் 25 நாள்தான், 5 ரிங்கிட். சலுகையையே ஏற்காவிட்டால் சுழியம். தொகை சின்னதுதான், ஆனால் ஆலையில் இன்னும் பலர் இதே நிலையில் இருக்கிறார்கள்.

சலுகை நாளில் தாக்கல் செய்து ஈட்டுத்தொகை வாங்கியவர்கள் இருந்தால், எந்தத் தேதியிலிருந்து எண்ணினார்கள், MyTax கணக்கில் அது தனிப் பதிவாக வந்ததா என்று சொல்லுங்களேன்.